கிளிப் தந்தவர்களுக்கு வீடியோவோடு போக வேண்டிய நன்றி

கேள்வி: "அம்மாவின் 60வது பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள், பழைய அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்த்தவர்கள் என்று 40 பேரிடம் கிளிப் வாங்கி ஒரு வீடியோ செய்தோம். ராயபுரம் வீட்டில் அம்மாவுக்குப் போட்டும் காட்டியாச்சு. இப்போ கிளிப் அனுப்பிய எல்லோருக்கும் முழு வீடியோவை அனுப்பி நன்றி சொல்லணும். என்ன எழுதுவது, எப்படி அனுப்புவது? சிலருடைய கிளிப்பை வெட்ட வேண்டியதாகிவிட்டது, அதுதான் உறுத்துகிறது."

முதலில் அம்மாவை இன்னொரு தடவை அந்த வீடியோ முன்னால் உட்கார வையுங்கள். நன்றி எழுதுவது அதற்கப்புறம்.

ஏன் என்றால், கிளிப் அனுப்பியவர் எவரும் நன்றிக்காகக் காத்திருக்கவில்லை. அவர் மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: நான் வந்தபோது அவங்க என்ன சொன்னாங்க? கேமரா முன்னால் நின்று பழக்கமே இல்லாத ஒருவர், சட்டை மாற்றி, தலை வாரி, பேத்தியை ஃபோன் பிடிக்கச் சொல்லி, நாலு தடவை தடுமாறி, அஞ்சாவது தடவை பேசியதைத்தான் உங்களுக்கு அனுப்பியிருப்பார். அது போய்ச் சேர்ந்ததா, சிரித்தாரா, அழுதாரா, தன்னை அடையாளமாவது தெரிந்ததா என்பது அவருக்குத் தெரியாது. உங்கள் வீட்டு ஹாலில் நடந்தது அவர் இல்லாத இடத்தில் நடந்தது. அந்தச் செய்தியை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த நன்றியின் வேலை. "உங்கள் அன்புக்கும் ஒத்துழைப்புக்கும் மனமார்ந்த நன்றி" என்று எழுதினால் அதில் அவருக்குப் புதிதாக ஒன்றுமே கிடைக்காது.

பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாணம், காதுகுத்து என்று வீடியோ எடிட்டிங்தான் எனக்குப் பிழைப்பு. இந்த மாதிரி கிளிப் சேர்த்துச் செய்யும் வீடியோக்களும் நிறைய வருகின்றன. ஆனால் நான் இங்கே சொல்லப்போவது காசுக்குச் செய்த வேலையை வைத்து இல்லை. போன வருஷம் எங்கள் கேரம் மாஸ்டருக்கு 70 வயது முடிந்தபோது, அவரிடம் விளையாடப் பழகிய 38 பேரிடம் கிளிப் வாங்கி 13 நிமிடத்தில் ஒரு வீடியோ செய்தேன். மே மாதம் என்பது எங்களுக்கு ஒரு வசதி, ஏனென்றால் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போகிற காசிமேட்டுப் பையன்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். மற்ற மாதமாக இருந்தால் அவர்களில் பாதிப் பேரைப் பிடித்திருக்கவே முடியாது. மீதிப் பேர் மஸ்கட், துபாய், ஒருத்தர் கப்பலில்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் மன்றத்தில் போர்டுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, டிவியைக் கொண்டுவந்து மாஸ்டரை உட்கார வைத்துப் போட்டோம். ஆறாவது நிமிடம் தாண்டி மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் ஒருத்தர் வருவார். அவர் அதிகம் பேசவில்லை. உள்ளங்கையை விரித்து ஒரு பழைய ஸ்டிரைக்கரைக் காட்டுவார், தந்தத்தின் நிறத்துக்குப் பழுத்துப்போய், ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. 'மாஸ்டர், இது உங்களுது, நியாபகம் இருக்கா?' என்று மட்டும் கேட்பார். மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். இன்னொரு தடவையும். மூன்றாவது தடவை படம் ஓடும்போது அவருடைய ஆள்காட்டி விரல் தன்னால் வளைந்து, நாற்காலியின் கைப்பிடியில் ஸ்டிரைக்கர் இல்லாமலே சுண்டியது. அப்புறம் சொன்னார்: 'இன்னும் வெச்சிருக்கானா.'

அந்த அண்ணனுக்கு நான் எழுத வேண்டிய நன்றி அந்த நொடியிலேயே தயாராகிவிட்டது. நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் அதை மறக்காமல் குறித்துக்கொள்வதுதான்.

இதைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன். முதல் தடவை அம்மா பார்க்கும்போது நீங்களும் அழுதுகொண்டிருந்திருப்பீர்கள், யார் முகத்துக்கு அம்மா என்ன சொன்னார் என்று நினைவிருக்காது, அது இயல்புதான். ஒரு மத்தியானம் சாப்பாடு முடிந்து ஓய்வாக இருக்கும்போது டிவியில் மறுபடி போடுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள்: ஆள், வீடியோவில் அவர் வரும் நேரம், அந்த இடத்தில் அம்மா சொன்னது அல்லது செய்தது. இரண்டாம் தடவை இன்னும் நன்றாகவே அமையும். முதல் தடவை அம்மா திகைப்பில் பேசாமல் இருந்திருப்பார், இந்தத் தடவை கதை வரும். 'இவ கூடத்தான் நான் மின்ட்டு வரைக்கும் நடந்தே போவேன், பஸ் காசை மிச்சம் பிடிச்சு பட்டாணி வாங்குவோம்' என்று ஒன்று வந்து விழும். அந்த வாக்கியத்தை அப்படியே, அம்மாவின் வார்த்தையிலேயே எழுதுங்கள். நீங்கள் அழகுபடுத்தினால் அது அம்மாவின் குரல் இல்லாமல் போய்விடும்.

எல்லா 40 பேருக்கும் அப்படி ஒரு கதை வராது. சிலர் வரும்போது அம்மா சும்மா தலையாட்டியிருப்பார். அதையும் உள்ளபடியே எழுதலாம். 'உங்களைப் பார்த்ததும், ஐயோ இவ்வளவு இளைச்சுட்டானே என்றார்' போதும். இல்லாததைச் சேர்த்து எழுதாதீர்கள், அடுத்த முறை அம்மாவோடு ஃபோனில் பேசும்போது அது வெளியே வந்துவிடும்.

இனி எழுதுவது எளிது. எல்லோருக்கும் பொதுவான ஒரு பகுதி, ஆளுக்கு ஆள் மாறும் இரண்டு வரி. அந்த இரண்டு வரி மேலே வர வேண்டும், பொதுவானது கீழே. வாட்ஸ்அப்பில் செய்தி நீளமானால் பாதியில் மடித்து Read more என்று காட்டும், பெரியவர்கள் பலர் அதைத் தட்டிப் படிப்பதில்லை. மேலே பொதுவான வார்த்தை இருந்தால், இது எல்லோருக்கும் வந்தது என்று விட்டுவிடுவார்கள். மஸ்கட் அண்ணனுக்கு நான் அனுப்பியது இது:

"அண்ணே, ஞாயித்துக்கிழமை மாஸ்டருக்கு வீடியோ போட்டுக் காட்டிட்டோம். நீங்க ஸ்டிரைக்கரைக் காட்டின இடத்துல நிறுத்தச் சொல்லி மூணு தடவை பார்த்தாரு. 'இன்னும் வெச்சிருக்கானா'ன்னாரு. விரலால நாற்காலியில சுண்டினாரு அண்ணே.

நீங்க 6:42ல வர்றீங்க. மொத்தம் 38 பேர், 13 நிமிஷம். எல்லாரோட முழு கிளிப்பையும் வெட்டாம ஒரு பென் டிரைவ்ல போட்டு மாஸ்டர்கிட்ட கொடுத்திருக்கேன், வீடியோவுல வராத பேச்சும் அவர்கிட்ட இருக்கு.

கீழே ரெண்டு லிங்க். முதலாவது ஃபோனுக்கு, சுமார் 200 எம்பி. ரெண்டாவது டிவியில போட, ஒரு ஜிபிக்கு மேல, வைஃபை இருந்தா மட்டும் எடுங்க. வீட்டுல எல்லாருக்கும் காட்டுங்க, ஆனா ஸ்டேட்டஸ்ல, ஃபேஸ்புக்ல போட வேணாம். சின்னப் பசங்க இருக்காங்க, சிலர் சொந்த விஷயம் பேசியிருக்காங்க.

வேலை முடிச்சு வந்து ராத்திரி எடுத்த கிளிப்னு தெரியும். ரொம்ப நன்றி அண்ணே."

பேசுகிற மாதிரியேதான் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அவரிடம் நான் அப்படித்தான் பேசுவேன். உங்கள் பெரியப்பாவுக்கு எழுதும்போது உங்களுக்குப் பழகிய மரியாதையோடு எழுதுங்கள், அம்மாவின் ஆபீஸ் தோழிக்கு எழுதும்போது 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டே பழக்கம் என்றால் ஆன்ட்டி என்றே எழுதுங்கள். கிளிப் கேட்கும்போது எந்த வாயில் கேட்டீர்களோ அதே வாயில் நன்றியும் போக வேண்டும். கேட்கும்போது 'டேய் மச்சான், ஒரு கிளிப் அனுப்புடா' என்றுவிட்டு இப்போது 'தாங்கள் அளித்த காணொளிக்கு' என்று போனால் அவனுக்கே கூச்சமாக இருக்கும்.

நேரத்தைக் குறிப்பிடுவது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் அது பெரிய உதவி. 13 நிமிட வீடியோவில் தன் முகத்தைத் தேடி இழுத்து இழுத்துப் பார்ப்பவருக்கு, இரண்டு தடவை தேடியும் கிடைக்காவிட்டால், என்னை எடுத்துட்டாங்க போல என்றுதான் தோன்றும். முதலிலேயே 6:42 என்று சொல்லிவிட்டால் நேராக அங்கே போய்ப் பார்த்துவிட்டு, நிம்மதியாக மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். ஆனால் இந்த நேரத்தைக் கடைசியாக எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை ஓடவிட்டுக் குறியுங்கள். எடிட்டிங் டைம்லைனில் குறித்துவிட்டு, அப்புறம் முன்னால் ஒரு தலைப்புப் படம் எட்டு வினாடிக்குச் சேர்த்திருந்தால் 40 பேருக்கும் தப்பாகப் போகும்.

சரி, உறுத்துகிறது என்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். மூன்று நிமிடம் இருபது வினாடி பேசிய ஒருவரை நான் 25 வினாடிக்குக் கொண்டுவந்தேன். தப்பாக எதுவும் பேசவில்லை, நன்றாகவே பேசினார். ஆனால் 38 பேரும் அப்படிப் பேசினால் இரண்டு மணி நேரம் ஓடும். வெட்டியது தவறில்லை. வெட்டியதை அவரே வீடியோ பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் வலிக்கும். ரொம்ப வருஷம் முன்னால் ஒரு குடும்ப வீடியோவில் நான் இந்தத் தப்பைச் செய்தேன். எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பிவிட்டேன், ஒரு அக்கா தன் அம்மாவைப் பற்றிச் சொன்ன கதையே காணோம் என்று அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த விசேஷத்துக்குக் கிளிப் கேட்டபோது, எனக்குப் பேச வராதுப்பா, வேற யாரையாவது கேளு என்றார். அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட பழக்கம், பாதிக்கு மேல் வெட்டியவர்களுக்கு வீடியோ போவதற்கு முந்தின நாளே ஃபோன் செய்வது.

என்ன சொல்வது? காரணத்தைச் சுருக்கமாக, அவர் பேசியதில் எது வந்திருக்கிறது என்பதை முதலில். 'மாமா, நீங்க அந்த டோர்னமென்ட் கதையைச் சொன்ன பகுதி முழுசா வருது. மத்தது நேரம் பத்தாம எடுக்க வேண்டியதாயிடுச்சு, ஆனா நீங்க பேசினது முழுக்க மாஸ்டர்கிட்ட தனியா இருக்கு, கேட்டுட்டாரு.' இதில் கடைசி வரி உண்மையாக இருக்க வேண்டும், அதனால்தான் அந்த பென் டிரைவ். வெட்டாத கிளிப்கள் எல்லாவற்றையும் ஆள் பெயர் போட்ட ஃபைலாக ஒரு பென் டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள், டிவியில் செருகினால் ஓடுகிறதா என்றும் பாருங்கள். 64 ஜிபி டிரைவ் தாராளமாகப் போதும். டிவியில் போடும்போது ஒரு தடங்கல் வரலாம். ஐபோனில் எடுத்தவை பெரும்பாலும் எச்இவிசி என்ற வடிவத்தில் இருக்கும், பழைய டிவியில் சத்தம் மட்டும் வந்து படம் வராமல் போகலாம். அப்படி இருந்தால் அந்தக் கிளிப்களை மட்டும் எச்264 எம்பி4 ஆக மாற்றிப் போடுங்கள்.

கிளிப் ஒட்டுமொத்தமாகவே வராமல் போனவர்களும் இருப்பார்கள். எங்களுக்கு இரண்டு பேர். ஒரு பையன் காசிமேடு ஹார்பரில் படகு மேலேயே நின்று எடுத்தான், பார்க்க அத்தனை அழகு, ஆனால் மைக்கில் காற்று அடித்து ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இன்னொருவருடைய கிளிப் வீடியோ முடிந்த மறுநாள் வந்தது. படகுப் பையனுடைய காட்சியைச் சத்தமில்லாமல் கடைசியில் பெயர்கள் ஓடும் இடத்தில் பின்னால் வைத்தேன், அவனிடமும் அதைச் சொல்லிவிட்டேன். தாமதமாக வந்ததை மாஸ்டருக்கு ஃபோனிலேயே தனியாகப் போட்டுக் காட்டி, அவர் சொன்னதை எழுதி அனுப்பினேன். வீடியோவில் இல்லாதவருக்கும் மாஸ்டர் என்ன சொன்னார் என்ற வரி போய்விட்டதால் இரண்டு பேருக்குமே குறை தெரியவில்லை. உங்கள் பட்டியலில் அப்படி யாராவது இருந்தால் அவருக்கான வரியைத்தான் முதலில் எழுதுங்கள்.

அனுப்புவது எப்படி என்பதில் நிறையப் பேர் சறுக்குவார்கள். வாட்ஸ்அப்பில் கேலரியிலிருந்து வீடியோவாக எடுத்து அனுப்பினால் அது அமுக்கிச் சின்னதாக்கிவிடும், எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் முழுத் தரம் இருக்காது. டாக்குமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே போகும், ஆனால் வாங்குபவர் முழுவதும் இறக்கிய பிறகுதான் பார்க்க முடியும். இங்கே கணக்கைப் பாருங்கள். என் 13 நிமிட வீடியோ 1080பி தரத்தில், வினாடிக்கு 12 மெகாபிட் என்று எக்ஸ்போர்ட் செய்தது. 13 நிமிடம் என்றால் 780 வினாடி, அதை 12ஆல் பெருக்கி, 8 பிட் ஒரு பைட் என்பதால் 8ஆல் வகுத்தால் 1,170 எம்பி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் அத்தை அதை இறக்கினால் அன்றைய டேட்டா அதோடு சரி. இறங்கும்போது பாதியில் நின்றால் திரும்பத் தொடவே மாட்டார், உங்களிடம் பார்த்தேன் நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிடுவார். அதே வீடியோவை 720பி, வினாடிக்கு 2 மெகாபிட் என்று இன்னொரு தடவை எக்ஸ்போர்ட் செய்தால் 200 எம்பியைச் சுற்றித்தான் வரும், ஃபோன் திரையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரண்டு ஃபைல், இரண்டு லிங்க், எது எதற்கு என்று ஒரு வரி.

லிங்க்கை கூகுள் டிரைவில் போடுவதாக இருந்தால், பகிரும் இடத்தில் Restricted என்று இருப்பதை Anyone with the link என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் அனுமதி கேள் என்று வரும், உங்களுக்கு மெயில் மெயிலாக வந்து குவியும், கேட்கத் தெரியாதவர்கள் பேசாமல் விட்டுவிடுவார்கள். உங்கள் ஃபோனில் திறக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது உங்கள் கணக்கு, எப்படியும் திறக்கும். எதிர்வீட்டு ஆள் யாருக்காவது அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, பெரிய ஃபைலை டிரைவிலிருந்து இறக்கும்போது வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியாத அளவுக்குப் பெரியது என்ற எச்சரிக்கை வரும். வைரஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும் பெரியவர்கள் ஃபோனைக் கீழே வைத்துவிடுவார்கள். 'அப்படி ஒரு எச்சரிக்கை வரும், பயப்பட வேண்டாம், அளவு பெரிதாக இருப்பதால் வருவது' என்று இரண்டு லிங்க் பக்கத்திலேயும் எழுதிவிடுங்கள். ஏற்றிய உடனே அனுப்பவும் வேண்டாம். டிரைவ் அதை ஓடவிடத் தயாராக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் திறப்பவருக்கு மங்கலாகத் தெரியலாம், அல்லது இன்னும் தயாராகவில்லை என்று வரலாம். ராத்திரி ஏற்றி மறுநாள் அனுப்புங்கள்.

யூட்யூபில் Unlisted என்று போடுவதும் நல்ல வழிதான், லிங்க் இருப்பவர் பார்க்கலாம், டேட்டாவுக்குத் தக்கபடி தரம் தானாகக் குறையும். Private என்று போட்டுவிடாதீர்கள், அதில் நீங்கள் மெயில் கொடுத்து அழைத்தவர் மட்டும்தான் பார்க்க முடியும். ஆனால் பின்னால் சினிமாப் பாட்டு வைத்திருந்தால் யூட்யூப் அதைக் கண்டுபிடித்துவிடும், Unlisted என்றாலும் விடாது. பாட்டின் உரிமைக்காரர் வைத்திருக்கும் விதியைப் பொறுத்து விளம்பரம் வரலாம், சில நாடுகளில் திறக்காமலே போகலாம். துபாய் தம்பிக்கு மட்டும் திறக்கவில்லை என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? பாட்டு இருந்தால் டிரைவ் போதும்.

யாருக்கு எந்த வழியில் என்பதும் முக்கியம். கிளிப் அனுப்பிய 40 பேரையும் சேர்த்து ஒரு புதுக் குரூப் தொடங்கி அதில் போட வேண்டாம். அம்மாவின் தோழிகளுடைய நம்பர் எல்லாம் முன்பின் தெரியாத ஆட்கள் கையில் போய்விடும், அப்படிப் போன பிறகு திரும்ப எடுக்க முடியாது. பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று உண்டு, ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் ஃபோனில் சேமித்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அம்மாவின் பழைய ஆபீஸ்காரர்கள் அம்மா நம்பரைத்தான் வைத்திருப்பார்கள், உங்களுடையது இருக்காது, அவர்களுக்கு வராது, வரவில்லை என்று உங்களுக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. பொதுப் பகுதியை ஒரு இடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, நோட்டைப் பக்கத்தில் வைத்து, மேலே இரண்டு வரியைத் தட்டி, ஒட்டி அனுப்பினால் ஆளுக்கு இரண்டு நிமிடம். எனக்கு எல்லோருக்கும் அனுப்பி முடிக்க ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் ஆனது. வீடியோ செய்ய மூன்று வாரம் போன பிறகு இது பெரிய நேரம் இல்லை.

பகிர்வது பற்றி ஒரு வார்த்தை எழுதச் சொன்னேன் அல்லவா, அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் அம்மா மட்டும் பார்க்கப் போகிறார் என்று நம்பித்தான் அவர்கள் பேசியிருக்கிறார்கள். எங்கள் வீடியோவில் ஒருத்தன், குடியை விட்டு வந்தபோது மாஸ்டர்தான் தினமும் வீட்டுக்கு வந்து போர்டுக்கு அழைத்துப் போனார் என்று சொல்லியிருந்தான். அந்த இடத்தை மற்ற 37 பேருக்கும் அனுப்பலாமா என்று முன்கூட்டியே அவனைக் கேட்டேன். 'மாஸ்டர் பார்க்கட்டும்ணா, மத்தவங்களுக்கு வேணாம்' என்றான். மாஸ்டரிடம் இருப்பது ஒரு பதிப்பு, மற்றவர்களுக்குப் போனது அந்தப் பதினைந்து வினாடி இல்லாத பதிப்பு. உங்கள் 40 கிளிப்பில் நோய், கடன், குடும்பச் சண்டை என்று ஏதாவது தொட்டுப் பேசியது இருந்தால், அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. உங்களுக்கு வர வேண்டாம், ஆனால் 40 பேர் என்று சொல்கிறீர்கள், வயதானவர்களும் இருப்பார்கள்.

மாஸ்டரோடு டபுள்ஸில் எதிரே உட்கார்ந்து 20 வருஷத்துக்கு மேல் ஆடிய ஒரு பெரியவர் எங்களுக்குக் கிளிப் அனுப்பினார், வீடியோ முடிவதற்குள் தவறிவிட்டார். அவருடைய மகளிடம் போய்க் கேட்டேன், அப்பா வரும் இடத்தை வைத்துக்கொள்ளலாமா என்று. வைக்கச் சொன்னார். அவர் வந்த இடத்தில் மன்றத்தில் யாரும் பேசவில்லை. மாஸ்டர் எழுந்து நின்றுகொண்டார், அந்த 30 வினாடியும் நின்றே பார்த்தார்.

அந்த மகளுக்கு நான் லிங்க் அனுப்பவில்லை. 37 பேருக்கு அனுப்பிய பொதுப் பகுதியையும் அனுப்பவில்லை. பென் டிரைவில் இரண்டு ஃபைல் போட்டு தண்டையார்பேட்டையில் அவர் வீட்டுக்கே எடுத்துப் போனேன். ஒன்று முழு வீடியோ, இன்னொன்று அவர் அப்பா அனுப்பிய கிளிப், ஒரு நொடிகூட வெட்டாமல். கையில் ஒரு தாளில் நாலு வரி எழுதியிருந்தேன், மாஸ்டர் எழுந்து நின்றதை மட்டும்.

அந்த வெட்டாத கிளிப்பில் முதல் 40 வினாடி நான் எடிட்டிங்கில் எடுத்துப் போட்ட பகுதி. எல்லோருடைய கிளிப்பிலும் அந்த மாதிரி ஒன்று இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவோம். பெரியவர் ஃபோன் பக்கம் குனிந்து, பேரனிடம் 'ஓடுதாடா? செவப்பா ஒண்ணு எரியுது பாரு, அதான் ஓடுதா? சட்டை பட்டன் போட்டிருக்கனா பாரு' என்று கேட்பார், பையன் சிரிப்பான், இவரும் சிரித்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். நாலு நாள் கழித்து அந்த அக்கா ஃபோன் செய்தார். வீடியோ ரொம்ப நல்லா இருக்கு தம்பி என்றார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த முதல் பகுதியைத்தான் வீட்டில் திரும்பத் திரும்பப் போடுகிறோம், அம்மா அந்தச் சிரிப்பு வரைக்கும் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்கிறார் என்றார்.

உங்கள் கம்ப்யூட்டரில் அந்த 40 பேரின் அசல் ஃபைல்களும் இன்னும் இருக்கும். வீடியோ முடிந்துவிட்டது, இடம் அடைக்கிறது என்று இப்போது அழித்துவிட வேண்டாம்.